கீசரா, கெட்டிலா, இண்டக்ஷன் அடுப்பா? போட்டோவிலேயே கண்டுபிடிக்கும் வழி

பழைய சாமான் விற்கும் விளம்பரங்களில் முழுப் பொருளும் தெரிந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. கழற்றிய பாகத்தையோ பேனலை மட்டுமோ நெருக்கி எடுத்துப் போடும்போதுதான் தடுமாற்றம். அந்த மாதிரிப் படங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

1. சூடாக்கும் பாகம்

வளைத்த உலோகக் குழாய், அதன் அடியில் வட்டத் தகடு, தகட்டின் மறுபக்கம் ஒயர் மாட்டும் முனைகள் இருந்தால் அது கீசர் எலிமென்ட். குழாய்மேல் வெள்ளையாக உப்பு படிந்திருந்தால் தண்ணீருக்குள் கிடந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். அதே போன்ற குழாய்ச் சுருளுக்கு மேலே பிளாஸ்டிக் கைப்பிடி இருந்தால் அது வாளியில் போடும் ஹீட்டர் ராடு.

இப்போது வரும் கெட்டில்களில் எலிமென்ட் வெளியே தெரியாது. உள்ளே எட்டிப் பார்த்தால் வழவழப்பான ஸ்டீல் அடித்தட்டுதான். எலிமென்ட் அதன் அடியில் வளையமாக ஒட்டியிருக்கும்.

இண்டக்ஷன் காயில் தனி ரகம். கொசுவத்திச் சுருள்போலத் தட்டையாகச் சுற்றிய செம்புக் கம்பி. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கம்பியும் பல மெல்லிய இழைகளை முறுக்கியது. காயிலின் நடுவில் சின்ன சென்சார் இருக்கும், பெரும்பாலும் வெள்ளைப் பசையோடு. இந்தக் காயில் பழுக்கக் காய்வதில்லை, பாத்திரம்தான் சூடாகிறது. அதனால் கண்ணாடிக்குக் கீழே சிவப்பாக ஒளிர்ந்தால் அது இன்ஃப்ராரெட் அடுப்பு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

2. கன்ட்ரோல் பேனல்

சாதாரணக் கெட்டிலில் ஒரே ஒரு சுவிட்ச், ஒரு விளக்கு. சாதாரணக் கீசரில் இரண்டு விளக்குகளும், சில மாடல்களில் ஒரு திருகும் இருக்கும். டிஜிட்டல் பேனல் என்றால் எண்ணைப் பாருங்கள். வீட்டுக் கீசர் பொதுவாக 75 டிகிரியைத் தாண்டாது, கெட்டில் 100-ஐத் தாண்டாது. 180, 240 என்றோ, 1200, 1600 என்று வாட் கணக்கிலோ தெரிந்தால் இண்டக்ஷன்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்

கறுப்புக் கண்ணாடி, சிவப்பு எழுத்தில் 60, வேறொன்றும் இல்லை. இந்த எண் கீசரின் வெப்பமாகவும் இருக்கலாம், இண்டக்ஷனில் டைமர் வைத்த நிமிடமாகவும் இருக்கலாம். எண்ணை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் பாருங்கள். W, °C என்று தனித்தனி விளக்குகளும் கூட்டல், கழித்தல் பட்டன்களும் இருந்தால் அநேகமாக இண்டக்ஷன்.

அதுவும் தெரியவில்லையா? விற்பவரிடம் ரேட்டிங் ஸ்டிக்கரின் போட்டோ கேளுங்கள். கீசரில் லிட்டரோடு தண்ணீர் அழுத்தமும் `bar` அல்லது `MPa` என்று போட்டிருக்கும். கெட்டிலில் லிட்டர் இருக்கும், அழுத்தம் இருக்காது. இண்டக்ஷனில் இரண்டுமே இருக்காது. வாட்டை மட்டும் நம்ப வேண்டாம்: 2000 வாட்டில் கீசரும் உண்டு, இண்டக்ஷன் அடுப்பும் உண்டு.