ஹசார்ட் லைட் சிமிட்டவில்லையா? ஃப்ளாஷர் வாங்கப் போகும் முன்

ஹசார்ட் பட்டனை அழுத்தினால் நாலு இண்டிகேட்டரும் சிமிட்டவில்லை என்றதும் பலர் நேராகக் கடைக்குப் போய், விளக்குகளைச் சிமிட்ட வைக்கும் ஃப்ளாஷரை வாங்கி மாட்டுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். சாவியைப் போட்டு இடது, வலது இண்டிகேட்டர்களைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒழுங்காகச் சிமிட்டினால் ஃப்ளாஷரும் பல்புகளும் நன்றாகவே இருக்கின்றன. தனி ஃப்ளாஷர் உள்ள பழைய கார்களில் பெரும்பாலும் இரண்டு வேலைக்கும் ஒரே ஃப்ளாஷர்தான். அப்படியானால் கோளாறு ஹசார்ட் ஃப்யூஸிலோ ஹசார்ட் ஸ்விட்சிலோ இருக்கும்.

ஃப்யூஸில் ஒரு விஷயம். இண்டிகேட்டருக்குச் சாவி வழியாக வரும் கரன்ட் ஒரு ஃப்யூஸில் வரும். ஹசார்டுக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக வருவது வேறு ஃப்யூஸ். இண்டிகேட்டர் ஃப்யூஸை மட்டும் பார்த்துவிட்டு "ஃப்யூஸ் ஓகே" என்று விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

அடுத்தது ஸ்விட்ச். அது வெறும் ஆன்-ஆஃப் பட்டன் என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் வருகிறது. இந்தக் கார்கள் பலவற்றில் பட்டன் வெளியே இருக்கும்போது, சாவி வழியே வரும் கரன்ட் அதன் உள்ளே உள்ள கான்டாக்டைக் கடந்துதான் ஃப்ளாஷருக்குப் போகிறது. அழுத்தினால் பேட்டரி லைனுக்கு மாறுகிறது. கூடவே, ஃப்ளாஷரிலிருந்து வரும் ஒயரை இடது, வலது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இணைக்கிறது. அதனால் ஹசார்ட் ஸ்விட்ச் கெட்டால் சில சமயம் இண்டிகேட்டரும் நின்றுபோகலாம். பட்டனைப் பத்துப் பதினைந்து முறை வேகமாக அழுத்தி விடுங்கள். அதன்பிறகு விட்டு விட்டு வேலை செய்தால் உள்ளே கான்டாக்ட் கறுத்திருக்கிறது என்று அர்த்தம். பல மாதம் அழுத்தப்படாமலே கிடக்கிற பட்டன் அது, செம்பு கறுத்துப் போவதில் வியப்பில்லை.

இண்டிகேட்டரும் ஹசார்டும் இரண்டுமே இல்லை என்றால்தான் ஃப்ளாஷர் பக்கம் வர வேண்டும். ஃப்ளாஷரைக் கழற்றுங்கள். மூன்று பின்னில் பி என்பது கரன்ட் வரும் இடம், எல் பல்புகளுக்குப் போகும் இடம், ஈ எர்த். சில ஃப்ளாஷர்களில் இவை முறையே 49, 49ஏ, 31 என்று குறிக்கப்பட்டிருக்கும். சாவியை எடுத்துவிட்டு ஹசார்டை அழுத்தி, சாக்கெட்டின் பி பின்னில் கரன்ட் வருகிறதா என்று பாருங்கள்.

இங்கே மல்டிமீட்டரை மட்டும் நம்புவது பெரிய தவறு. முன்னும் பின்னும் 21 வாட் பல்பு நாலு, பக்கவாட்டில் 5 வாட் பல்பு இரண்டு என்றால் மொத்தம் 94 வாட், சுமார் 8 ஆம்பியர். மீட்டரோ மிக மிகக் குறைந்த கரன்டை மட்டுமே இழுக்கும். கறுத்த கான்டாக்டில் அரை ஓம் தடை இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். எல்லா பல்பும் எரிய முயலும்போது அந்த அரை ஓமே சுமார் 3 வோல்ட்டை விழுங்கிவிடும். 21 வாட் பல்பில் இரண்டு ஒயர் வைத்து டெஸ்ட் லேம்ப் செய்து பாருங்கள். மீட்டர் 12 காட்டியும் பல்பு மங்கலாக எரிந்தால் கோளாறு ஃப்ளாஷருக்கு முன்னாலேயே, ஸ்விட்சிலோ ஃப்யூஸ் பிடிப்பிலோ இருக்கிறது.

பல்பு பளிச்சென்று எரிந்தால், 15 ஆம்பியர் ஃப்யூஸ் கோத்த ஒயரால் பி, எல் இரண்டையும் இணையுங்கள். தவறுதலாக ஈ பின்னைத் தொட்டால் ஷார்ட் ஆகும், ஃப்யூஸ் கோக்கச் சொன்னது அதற்குத்தான். நாலு லைட்டும் சிமிட்டாமல் நிலையாக எரிந்தால் ஸ்விட்ச், ஒயரிங், பல்பு எல்லாம் சரி. ஈ பின்னுக்கு நல்ல எர்த் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகு ஃப்ளாஷரை மாற்றலாம். ஒரு பக்கம் மட்டும் எரிந்து, மறுபக்க இண்டிகேட்டர் பல்புகளும் நன்றாக இருந்தால், ஸ்விட்சில் அந்தப் பக்கத்துக் கான்டாக்ட் போயிருக்கிறது.

புதிதாக வாங்கும்போது பழையதன் மேல் அச்சிட்ட வாட் கணக்கைப் பாருங்கள். 10 வாட் பல்புகளுக்கான பைக் ஃப்ளாஷர் காரில் 94 வாட்டைத் தாங்காது. பல்புகளை எல்இடியாக மாற்றிய பிறகு சிமிட்டாமல் நிலையாக எரிகிறதா? பழைய வெப்ப வகை ஃப்ளாஷர் சூடாகும் அளவுக்கு எல்இடி கரன்ட் இழுப்பதில்லை. அதற்கு எல்இடிக்கான ஃப்ளாஷர்தான் போட வேண்டும்.

ஸ்விட்சைத் திறப்பதாக இருந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துத் திறங்கள். உள்ளே குட்டி ஸ்பிரிங் இருக்கும், துள்ளிப் போனால் கிடைக்காது. கான்டாக்ட் கிளீனர் போட்டுத் துடைத்தால் போதும். பிளாஸ்டிக் உருகியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, ஸ்விட்சை மாற்றிவிடுங்கள்.

புதிய கார்கள் பலவற்றில் தனி ஃப்ளாஷரே கிடையாது. பட்டன் சிக்னல் மட்டும் கொடுக்க, பாடி கன்ட்ரோல் மாட்யூல் சிமிட்டும் வேலையைச் செய்கிறது. அங்கே மேலே சொன்ன ஒயர் இணைப்பைச் செய்து பார்க்கவே கூடாது, மாட்யூல் எரிந்துபோகலாம். ஃப்யூஸ் வரைக்கும் பார்த்துவிட்டு ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்.