234C வட்டி எங்கிருந்து வந்தது?

கீழக்கரையில் தனியாகக் கட்டட வரைபடம் போட்டுத் தரும் பொறியாளர் நான். 2024-25க்கு டிடிஎஸ் போக 60,000 ரூபாய் வரி. மார்ச் 14 அன்றே முழுதாகக் கட்டியும், ரிட்டர்ன் வரைவில் முன்வரித் தவணை தவறியதற்கான 234C வட்டி 2,430 ரூபாய் நின்றது. சலானில் தேதி சரி, முன்வரிக்கான 100 என்ற குறியீடும் சரி.

அப்புறம் வட்டியைப் பிரித்துப் பார்த்தேன். ஜூனுக்கு 270, செப்டம்பருக்கு 810, டிசம்பருக்கு 1,350. அதாவது 15, 45, 75 சதவீதம் கட்டாததற்கு மும்மூன்று மாத வட்டி, மாதம் 1 சதவீதம். மார்ச்சுக்கு எதுவும் இல்லை.

அங்கேதான் பிடி கிடைத்தது. கட்டணத்தில் குறைந்தது பாதியை லாபமாக வைத்து வரி கட்டும் 44ADA முறையில் வருமானம் காட்டுபவருக்கு மார்ச் 15 ஒன்றே தவணை. அதில் குறைந்தால் குறைவுக்கு 1 சதவீதம், அவ்வளவுதான். என் கட்டணத்தில் பாதியை லாபமாகக் காட்டியிருந்தும், வரைவு அதைச் சாதாரண லாப நட்டக் கணக்கில் வைத்திருந்தது. 44ADA கட்டத்துக்கு மாற்றியதும் வரி அதேதான், வட்டி பூஜ்யம். பெரிய நிம்மதி.