இன்னும் செய்யாத கொலு பொம்மைக்கு முன்பதிவு அறிவிப்பு எழுதும் முறை

கடலூர் வண்டிப்பாளையத்தில் நாங்கள் களிமண் கொலு பொம்மைகள் செய்கிறோம். ஒருமுறை "ஆவணிக்குள் கிடைக்கும்" என்று மட்டும் எழுதி முன்பதிவு வாங்கினேன். ஆவணி முதல் தேதியா கடைசித் தேதியா என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மழையால் மண் காயாமல் போனபோது என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. அதன்பின் நான் பின்பற்றும் முறையை, 25 அஷ்டலட்சுமி செட்டுகளை, அதாவது 200 பொம்மைகளை, உதாரணமாகக் கொண்டு விளக்குகிறேன்.

முதலில் தேதியைக் கணக்கிட வேண்டும். 2026-இல் நவராத்திரி அக்டோபர் 11-ஆம் தேதி தொடங்குகிறது. முந்தைய நாள் அமாவாசையன்றே பலர் படி கட்டிவிடுவார்கள். நாளொன்றுக்கு 25 பொம்மைகளை அச்சில் எடுக்க முடியும் என்பதால், ஜூலை 15-இல் தொடங்கினால் ஞாயிறு நீங்கலாக 8 வேலைநாட்களில் அந்த வேலை ஜூலை 23-இல் முடியும். நிழலில் காய 10 நாட்கள், சூளையில் வெந்து ஆற 3 நாட்கள் என்று ஆகஸ்ட் 5 வந்துவிடும். இருவர் சேர்ந்து நாளுக்குப் பத்து பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டினால், ஞாயிறு நீங்கலாக ஆகஸ்ட் 28 வரை ஆகும். பொதி கட்ட மேலும் மூன்று வேலைநாட்கள் சேர்த்தால் செப்டம்பர் 1.

இந்தத் தேதியை அப்படியே அறிவிப்பில் போட்டுவிடக் கூடாது. ஈரம் உள்ளே தங்கிய பொம்மையைச் சூளையில் வைத்தால் அந்த நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றி மண்ணைப் பிளந்துவிடும். ஆகவே மழை நாட்களில் பொம்மை காய்வதை அவசரப்படுத்த இயலாது. பொம்மையின் அடிப்பாகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கும்போது சில்லென்று இருந்தால் அது இன்னும் காயவில்லை என்று பொருள். இதற்காகப் பத்து நாட்களை ஒதுக்கி, செப்டம்பர் 14-இல் வரும் விநாயகர் சதுர்த்தியையும் தாண்டி, "செப்டம்பர் 16 முதல் 21-க்குள் கொரியரில் அனுப்புவோம்" என்று எழுதுகிறேன். அனுப்பும் நாளும் வீட்டுக்கு வந்து சேரும் நாளும் வேறு என்பதால், இரண்டையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும்.

அடுத்தது முன்பணம். செட்டின் விலை 3,600 ரூபாய். முன்பணம் 1,000 ரூபாய். புடவை நிறத்தை வாங்குபவரே தேர்ந்தெடுப்பதால், வண்ணம் தீட்டியபின் ரத்தானால் மறுபடி தீட்டும் கூலியும் வண்ணமும் எங்களுக்கு நட்டமாகும். அந்த நட்டத்தை ஈடுகட்டும் அளவே முன்பணமாக இருக்கலாம், முழு விலையை முன்கூட்டியே வாங்குவதை நான் ஏற்பதில்லை. முடிந்த பொம்மையின் படத்தை அனுப்பிய பிறகுதான் மீதி 2,600 ரூபாயையும் கொரியர் கட்டணத்தையும் பெறுகிறோம். வாங்கிய முன்பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்திருந்தால், திருப்பித் தர வேண்டிய நாளில் கைமாற்று தேட வேண்டியதில்லை.

ரத்து விதிதான் மிகவும் கவனமாக எழுத வேண்டிய பகுதி. வண்ண வேலை தொடங்கும் ஆகஸ்ட் 6-ஐ எல்லையாக வைத்து, அதற்கு முன் ரத்து செய்பவருக்கு முழு முன்பணத்தையும் திருப்பித் தருகிறோம், அதன்பின் தருவதில்லை. ஆனால் விதி ஒருபக்கமாக இருக்கக் கூடாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பவர் தாமாக ரத்து செய்யும்போது அதே போன்ற தொகையைத் தானும் ஏற்காவிட்டால், வாங்குபவரிடம் ரத்துக் கட்டணம் பிடிக்கக் கூடாது. ஆகவே ஆகஸ்ட் 6 முதல் நாங்கள் ரத்து செய்தால் முன்பணத்தோடு மேலும் 1,000 ரூபாய் தருவதாக எழுதுகிறோம். சொன்ன தேதிக்குப் பின் பொருள் வந்தால் பணத்தைத் திருப்பித் தர மறுக்கவும் அவ்விதிகள் இடம் தருவதில்லை. இயற்கைப் பேரிடர் போன்ற, விற்பவர் கைமீறிய காரணங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. வழக்கமான மழையை அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமன்று, ஏனெனில் அதற்காகத்தான் பத்து நாட்கள் ஒதுக்கினோம்.

படத்தையும் மறக்க வேண்டாம். சென்ற ஆண்டு செட்டின் படத்தைப் போட்டால், அது சென்ற ஆண்டினது என்று படத்தின் கீழேயே எழுதுங்கள்.

இறுதி வடிவம் இது:

"அஷ்டலட்சுமி கொலு செட், 8 மண் பொம்மைகள். இனிமேல்தான் செய்யப்படும். படம் சென்ற ஆண்டினது. கையால் தீட்டுவதால் முகமும் நிறமும் சற்று மாறும். விலை ரூ. 3,600, கொரியர் தனி. முன்பணம் ரூ. 1,000. அனுப்பும் நாள்: செப்டம்பர் 16–21. வந்து சேரும் நாள்: அனுப்பியதிலிருந்து சுமார் ஒரு வாரம். ஆகஸ்ட் 5 வரை ரத்து செய்தால் முன்பணம் முழுவதும் திரும்பும்; அதன்பின் திரும்பாது. ஆகஸ்ட் 6 முதல் நாங்கள் ரத்து செய்தால் ரூ. 2,000 தருவோம். செப்டம்பர் 21-க்குள் அனுப்பாவிட்டால், நீங்கள் காத்திருக்கலாம் அல்லது கட்டிய தொகை முழுவதையும் திரும்பப் பெறலாம்."

அறிவிப்பு வெளியான பின் நான் கவனிப்பது சூளை மூட்டும் நாளைத்தான். ஆகஸ்ட் 3-இல் மூட்ட வேண்டிய சூளை 13-ஐத் தாண்டினால், ஒதுக்கிய பத்து நாட்களும் தீர்ந்துவிட்டன என்று பொருள். அன்று மாலையே 25 பேருக்கும் புதிய தேதியையும் பணத்தைத் திரும்பப் பெறும் வழியையும் எழுதி அனுப்பிவிடுகிறேன். அப்போது தெரிவித்தால், நவராத்திரிக்கு வேறிடத்தில் செட் வாங்க அவர்களுக்கு இன்னும் எட்டு வாரங்கள் இருக்கும்.