இரண்டும் சேர்ந்து நடக்க எத்தனை சதவீதம்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் சேமித்து வைக்கிறோம். ஒரு வருடத்துக்குள் பழுதாகும் வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் 5% என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் பழுதானால்தான் கோப்பு போகும். அதற்கான வாய்ப்பு என்ன?

இங்கே பெருக்க வேண்டும் என்பது பலருக்கு நினைவிருக்கும். 5 × 5 = 25, அதனால் 25% என்று எழுதிவிடுவார்கள். என் கணக்கில் இதுதான் மிக ஆபத்தான தவறு. 60%, 70% என்று கொடுத்திருந்தால் 4200 என்று வந்து நம்மை உஷார்ப்படுத்தியிருக்கும். 25% என்பதோ சரியான விடை போலவே தெரிகிறது. 5% என்றால் 5/100. இரண்டு பின்னங்களைப் பெருக்கும்போது கீழே உள்ள இரண்டு நூறுகளும் பெருகும்: 25/10,000. அதாவது 0.25%.

நம்பிக்கை வரவில்லையா, எண்ணிப் பாருங்கள். இப்படி 10,000 ஜோடி டிஸ்க்குகள் இருந்தால், சுமார் 500 ஜோடிகளில் முதல் டிஸ்க் பழுதாகும். அந்த 500-இல் 5%, அதாவது 25 ஜோடிகளில்தான் இரண்டாவதும் பழுதாகும். ஏற்கெனவே சுருங்கிய கூட்டத்திலிருந்து இன்னொரு பங்கை எடுப்பதால், விடை கொடுத்த இரண்டு சதவீதங்களில் சிறியதை ஒருபோதும் தாண்டாது. 25% தவறு என்பதை இந்த ஒரு சோதனையே காட்டிவிடும்.

சிலர் கூட்டி 10% என்பார்கள். அது வேறொரு கேள்விக்கான தோராய விடை: ‘இரண்டில் ஒன்றாவது பழுதாகுமா?’ அதற்கும் துல்லியமான விடை 9.75%தான், ஏனென்றால் வெறுமனே கூட்டும்போது இரண்டும் பழுதாகிற 0.25% இரண்டு தடவை எண்ணப்படுகிறது.

அப்புறம், ‘இரண்டும் பழுதாகும்’ என்பதன் எதிர்ப்பக்கம் ‘இரண்டும் நன்றாக இருக்கும்’ என்று நினைத்து, அதற்கு 99.75% என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் நன்றாக இருக்க 95 × 95 ÷ 100 = 90.25%. சரியாக ஒன்று மட்டும் பழுதாக 9.5%. இவற்றோடு 0.25-ஐயும் கூட்டினால் 100 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் விடை பொய்யாகலாம். ஒன்றின் முடிவு மற்றதன் வாய்ப்பை மாற்றாதபோது மட்டுமே இந்த இரண்டு சதவீதங்களை அப்படியே பெருக்கலாம். இரண்டு டிஸ்க்குகளும் ஒரே கணினிக்குள் இருந்தால், மின்னழுத்தம் திடீரென எகிறும்போது இரண்டும் ஒன்றாகவே போகக்கூடும். முதலாவது பழுதான நிலையில் இரண்டாவது பழுதாகும் வாய்ப்பு 40% என்று இருந்தால், 5 × 40 ÷ 100 = 2%. நாம் நம்பியிருந்த 0.25%-ஐப் போல 8 மடங்கு! ஆகவே பெருக்கும் முன்பு, ‘முதலாவது நடந்துவிட்டது என்று தெரிந்தால் இரண்டாவதன் சதவீதத்தை மாற்றிச் சொல்வேனா?’ என்று கேளுங்கள். மாற்றுவீர்கள் என்றால், மாறிய சதவீதத்தைத்தான் பெருக்க வேண்டும்.