கடைசித் தவணையைக் கொடுக்கும் முன்: பாக்கி வேலைப் பட்டியலில் நடக்கும் தவறுகள்

வீட்டைப் புதுப்பித்து முடிக்கும்போது கதவில் கீறல், பெயின்ட் திட்டு, கோணலான சுவிட்ச் போர்டு எல்லாம் எப்படியும் பட்டியலில் ஏறிவிடும். கண்ணில் படுவதை யாரும் விடுவதில்லை. முடிந்த வேலையை முதல்முறை சரிபார்த்து வாங்கும் வீட்டுக்காரர்கள் திரும்பத் திரும்பக் கோட்டைவிடுவது கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான். அவற்றில் ஒன்று, பணம் கைமாறிய பிறகு சரிசெய்யவே முடியாத அளவுக்குச் செலவு வைக்கும்.

காய்ந்த குளியலறையைப் பார்த்து "ஓகே" போடுவது

இத்தனை பேர் பட்டும் இது இன்னும் நடக்கிறது என்பதுதான் எரிச்சல். தரை பளபளக்கிறது, டைல்ஸ் இடைவெளிகள் நேராக இருக்கின்றன, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. பட்டியலில் "குளியலறை: முடிந்தது" என்று எழுதி டிக் போட்டுவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்துக் கீழ்த்தளக் கூரையில் ஓதம் பூக்கிறது. அப்போது மேஸ்திரி வந்து டைல்ஸ் இடைவெளிகளை நிரப்பும் கிரௌட்டின் மேல் ஒரு பூச்சும், ஓரங்களில் சிலிக்கானும் வைத்துவிட்டுப் போகிறார். சில வாரம் நிற்கும், பிறகு மறுபடி ஊறும். காரணம் எளிது: கிரௌட் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. தடுப்பது டைல்ஸுக்கு அடியில் இருக்கும் வாட்டர் புரூஃபிங் பூச்சு. அது எங்கே விட்டிருக்கிறது என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது.

முறைப்படி இந்தச் சோதனையை டைல்ஸ் ஒட்டும் முன்பே, வெறும் பூச்சின் மேல் தண்ணீர் நிறுத்திச் செய்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை, அல்லது நடந்ததா என்று உறுதியில்லை என்றால், கடைசித் தவணை கையில் இருக்கும்போது செய்வதுதான் அடுத்த வாய்ப்பு.

சோதனையில் வரிசை முக்கியம். எல்லாவற்றையும் ஒரே நாளில் நனைத்தால், கசிவு வந்தாலும் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. வருகிற குழாய், போகிற குழாய், தரை, சுவர் என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும்.

முதலில் வருகிற குழாய். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடி, கழிப்பறைத் தொட்டி நிரம்பி நின்றபின் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் திறக்காமல் பாருங்கள். எண் நகர்ந்தால் அழுத்தத்தில் இருக்கும் குழாயிலோ தொட்டியிலோ கசிவு உண்டு. மீட்டர் இல்லாத இடத்தில் பிளம்பரை அழுத்தமானி பொருத்திப் பார்க்கச் சொல்லலாம்.

அடுத்த நாள் போகிற குழாய். தரை நனையாமல், ஒரு ஹோஸைத் தரை வடிகாலுக்குள் நேராக விட்டுப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். கீழே கூரையில் ஈரம் தெரிந்தால் குற்றம் வடிகாலுக்கு அடியில் தண்ணீர் தங்கி நாற்றத்தைத் தடுக்கும் ட்ராப்பிலோ, அதன் இணைப்பிலோ, போகிற குழாயிலோதான். டைல்ஸை முழுதாக உடைக்க வேண்டியதில்லை. இந்த ஒரு விவரமே பின்னால் பெரிய வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

மூன்றாவது தரை. 2.4 மீட்டருக்கு 1.5 மீட்டர் அளவுள்ள ஒரு குளியலறையை எடுத்துக்கொள்வோம். வடிகாலை ரப்பர் அடைப்பானால் இறுக்கி, வாசல்படியில் பாலித்தீன் சுற்றிய மணல் மூட்டையை அணையாக வையுங்கள். மேடான பக்கத்தில் 20 மில்லிமீட்டர் ஆழம் வரும்வரை தண்ணீர் விட வேண்டும். மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் வாட்டம் இருந்தால் வடிகால் பக்கம் ஏறக்குறைய 44 மில்லிமீட்டர் நிற்கும்; மொத்தம் சுமார் 115 லிட்டர் பிடிக்கும். சுவர் டைலில் தண்ணீர் மட்டத்துக்கு நேராக டேப் ஒட்டிக் குறியிடுங்கள். அதே அறையில் ஓரமாக, நேரான பக்கங்கள் கொண்ட ஒரு பாத்திரத்திலும் தண்ணீர் வைத்துக் குறியிடுங்கள். கதவைச் சாத்திவிட்டு 24 மணி நேரம் காத்திருங்கள்.

அந்தப் பாத்திரம் எதற்கென்றால், தண்ணீர் ஆவியாகித்தான் குறைந்தது என்ற பதில் நிச்சயம் வரும். பாத்திரத்தில் 2 மில்லிமீட்டரும் தரையில் 8 மில்லிமீட்டரும் இறங்கியிருந்தால், மீதி 6 மில்லிமீட்டர் ஆவியாகவில்லை. 3.6 சதுர மீட்டரில் அது 21 லிட்டருக்கு மேல். ஆனால் உடனே பூச்சைக் குற்றம் சொல்லக் கூடாது. அடைப்பான் வழியாகவும் போயிருக்கலாம். அந்த வடிகால் சேரும் வெளித்தொட்டியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். அங்கே காய்ந்திருந்து, அணையும் கசியாமல் இருந்தால் தண்ணீர் தரைக்குள்தான் இறங்கியிருக்கிறது.

கீழ்க்கூரையையும் வெளிச்சுவர்களின் அடிப்பக்கத்தையும் சோதனைக்கு முன்பே படம் எடுத்து வைத்திருங்கள். தண்ணீர் தளத்தைக் கடந்து வர நேரம் எடுக்கும் என்பதால், 24 மணி நேரத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கடைசியாக, தரை காய்ந்தபின் ஷவரைச் சுவர் மேல் அரைமணி நேரம் அடித்துப் பின்பக்கச் சுவரைப் பாருங்கள்.

தரைச் சோதனை முடிந்து வடிகாலைத் திறக்கும்போது இன்னொன்றும் கிடைக்கிறது. பதினைந்து நிமிடம் கழித்துத் தேங்கி நிற்கும் குட்டைகளைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். மெல்லிய ஈரப்படலம் பரவாயில்லை. நாணயத்தைப் போட்டால் மூழ்குகிற குட்டை வாட்டப் பிழை. அந்த டைல்ஸைப் பெயர்த்துத்தான் சரிசெய்ய முடியும். பணம் போன பிறகு அதைப் பெயர்க்க யாரும் வரமாட்டார்கள்.

"சரி செய்ய வேண்டும்" என்று மட்டும் எழுதுவது

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் இடம், குறை, எப்படிச் சோதித்து முடிந்ததாக ஏற்பது என்ற மூன்றும் வேண்டும். "குளியலறைக் கசிவு" என்பது வரி அல்ல. "மேல்தளக் குளியலறை, வடிகால் அருகே தரை, தண்ணீர் நிறுத்தியதில் மட்டம் இறங்கியது, பழுதுபார்த்தபின் அதே சோதனை 24 மணி நேரம், தரையும் பாத்திரமும் ஒரே அளவு இறங்க வேண்டும்" என்பதுதான் வரி. பழுதுபார்த்த இடத்தை மட்டும் பார்த்து டிக் போட்டால் சோதனையே செய்யாததற்குச் சமம்.

நிறுத்தி வைக்கும் தொகையை மனம்போல வைப்பது

பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் வேறொருவரை வைத்துச் செய்தால் என்ன செலவாகும் என்று கேட்டு, கூட்டி, அதில் ஒன்றரை மடங்கை நிறுத்தி வைப்பது நியாயமான கணக்கு. புதிதாக வருபவர் அடுத்தவர் செய்த வேலையைப் பிரித்துப் பார்க்கவும் கூலி கேட்பார். அதற்குத்தான் அந்த அரை மடங்கு. கைப்பிடி மாற்றும் வேலைக்காக மொத்தத் தவணையையும் பிடித்து வைப்பதும் தவறுதான். முடிந்த வேலைக்கான கூலி அந்த ஆட்களுடையது. இந்த ஏற்பாடு ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கடைசி நாளில் கிளப்பினால் சண்டைதான் மிஞ்சும்.

சோதனைப் பொத்தானை அழுத்திவிட்டு எர்த் சரி என்று நினைப்பது

மின்கசிவுத் தடுப்பானின் பொத்தான் அந்தக் கருவி விழுகிறதா என்று மட்டுமே காட்டும். பிளக் பாயின்ட்டில் எர்த் வயர் இணைந்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு பாயின்ட்டிலும் டெஸ்டர் செருகித்தான் பார்க்க வேண்டும்.

டைல்ஸைத் தட்டிப் பார்க்காதது

மரக்கைப்பிடியால் தட்டுங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் அடியில் கலவை சரியாகப் பிடிக்கவில்லை; அந்த டைல்ஸில் எண் ஒட்டிப் பட்டியலில் ஏற்றுங்கள்.

மிச்ச டைல்ஸைத் திருப்பி அனுப்புவது

ஒரு பெட்டியாவது வீட்டில் இருக்கட்டும். அடுத்த பேட்ச்சில் நிறம் மாறும்.