ரெக்ரூட்டர் கடுகடுத்தால்: பதிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் புதிதாக வேலை தேடும் பிள்ளைகள் "இதுக்கு என்ன பதில் போடுறது?" என்று, கம்பனிகளுக்கு ஆள் தேடிக்கொடுக்கும் ரெக்ரூட்டர் அனுப்பிய செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டும்போது, அநேகமாகப் பதில் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். கெட்ட வார்த்தை கூடாது, எழுத்துப்பிழை பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். சறுக்குவது வேறு இடங்களில்.

சுருக்கத்தைத் திமிர் என்று எடுப்பது

"சீவி அனுப்புங்க. இப்ப சம்பளம்? எதிர்பார்ப்பு? நோட்டீஸ்?" வணக்கமும் இல்லை, பெயரும் இல்லை. பலருக்கும் ஒரே வரியை ஒட்டி அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். படிவம் நிரப்புவதுபோல, கேட்ட வரிசையிலேயே பதில் போடுங்கள். மேலே ஒரு வணக்கம் போதும்.

குத்தலுக்குப் பதில் சொல்லி, கேள்வியைக் கோட்டைவிடுவது

எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும், எரிச்சலூட்டுவதும் இதுதான். ஓர் உதாரணம். கணக்கியல் வேலை ஒன்றுக்கு 260,000 ரூபாய் கேட்டவருக்கு இரவு எட்டரைக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது: "உங்கட அனுபவத்துக்கு இது கூட. 200க்கு வர ஏலுமா? இல்லாட்டி என்ட நேரத்தை வீணாக்க வேணாம்."

வழக்கமாகப் போகும் பதில் பத்து வரி நீளும். பட்டம், பாஸான பரீட்சைகள், பழைய முகாமையாளர் பாராட்டியது எல்லாம் வரும். கடைசியில், "மரியாதையாகக் கதைக்கப் பழகுங்கள்." அதில் சொன்னது அத்தனையும் உண்மையாக இருக்கலாம். ஆனால் 200க்கு வருவீர்களா என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. ரெக்ரூட்டர் உங்கள் பெயருக்கு எதிரே "சம்பளத்தில் இறங்கமாட்டார்" என்று குறித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். ஆள் எடுக்கும் கம்பனிக்கு அவர் பேசிய விதம் தெரியவே தெரியாது, அந்தக் குறிப்புத்தான் போய்ச் சேரும்.

குத்தலை உரித்துவிட்டால் அந்தச் செய்தியில் மிஞ்சுவது இரண்டு: வரம்பு ஏறத்தாழ 200,000, அதற்கு வருவீர்களா. அவர் சொல்லாமல் விட்டது இன்னொன்று: அந்த 200,000 எதனால் ஆனது?

இது சின்ன விஷயமில்லை. முழுத் தொகைக்கும் ஊழியர் சேமலாப நிதி கணக்கிடப்பட்டால், கம்பனி 12 வீதமாக 24,000 போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அதாவது இன்னும் 6,000. மொத்தம் 30,000. ஆனால் 120,000 மட்டும் கணக்கில் எடுக்கப்பட்டு, மிச்சம் கணக்கில் சேராத கொடுப்பனவுகளாக இருந்தால் அது 18,000தான். மாதம் 12,000 ரூபாய் வித்தியாசம். உங்கள் பங்கான 8 வீதக் கழிவும் 16,000இலிருந்து 9,600க்கு இறங்கும் என்பதால், கைக்கு வருவது கூடினதுபோலத் தெரியும். கோபத்தில் இருப்பவருக்கு இதைக் கேட்கத் தோன்றாது.

எனவே பதில் இப்படிப் போகலாம். ஆங்கிலத்தில் எழுதினாலும் சாரம் இதுதான்:

"வணக்கம். வரம்பைச் சொன்னதற்கு நன்றி. என் எதிர்பார்ப்பு மொத்தச் சம்பளமாக 260,000. 240,000 வரை கதைக்கலாம். நீங்கள் சொன்ன 200,000இல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவுகள் எவ்வளவு? அது தெரிந்தால் நாளை மதியத்துக்குள் முடிவு சொல்கிறேன்."

அனுப்புமுன் ஒரு சோதனை. அவருடைய செய்தியை மறைத்துவிட்டு உங்கள் பதிலை மட்டும் வாசியுங்கள். உங்களை யாரோ சீண்டியிருக்கிறார்கள் என்று அதிலிருந்து தெரிந்தால், எந்த வரியால் தெரிகிறதோ அந்த வரியை வெட்டுங்கள். பெரும்பாலும் "நான் முன்பே தெளிவாகச் சொன்னபடி", "உங்கள் நேரம் பொன்னானது என்பதால்" போன்ற வரிகள்தான் மாட்டும். பணிவு வேஷம் போட்ட கோபம் அது. வாசிப்பவருக்கு உடனே பிடிபடும்.

"சொறி சேர்" என்று தொடங்குவது

எதற்கு? பிழை எதுவும் செய்யவில்லையே.

வொய்ஸ் நோட்

வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது

அமைதியாகப் பேசுவதென்றால் கேட்டதையெல்லாம் கொடுப்பதென்று அர்த்தமில்லை. நேர்முகத் தேர்வுக்கு முன்பே அடையாள அட்டைப் படமும் சம்பளச் சீட்டும் கேட்டு அதட்டினால், "நியமனம் உறுதியாகும் கட்டத்தில் தருகிறேன்" என்று ஒரு வரி போடுங்கள். கலியாணம் ஆச்சா, என்ன சமயம் என்று கேட்டால், "வேலை சம்பந்தமான கேள்விகளுக்குப் பதில் தருகிறேன்." விளக்கம் சேர்க்கச் சேர்க்க, அதைப் பிடித்து அடுத்த கேள்வி வரும்.

அதற்குப் பிறகும் ஏச்சுத் தொடர்ந்தால், "இந்தப் பதவிக்கான என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்று காரணம் சொல்லாமல் முடிக்கலாம். அதற்குமுன், "என் சீவியைக் கம்பனிக்கு அனுப்பிவிட்டீர்களா?" என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் அனுப்பியிருக்க, நீங்களும் அதே இடத்துக்கு நேரடியாக விண்ணப்பித்தால், தரகுப் பணம் யாருக்கு என்ற இழுபறி வரும். அந்தத் தலையிடியே வேண்டாம் என்று கம்பனி உங்களைக் கைவிட்டுவிடலாம். அனுப்பியிருந்தால், நேரடியாக விண்ணப்பிக்கும்போது மனிதவளப் பிரிவுக்கு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே, இன்ன முகவர் ஊடாக இன்ன திகதியில் சீவி வந்திருக்கும் என்று சொல்லிவிடுங்கள்.