பனியன் போட்ட தாத்தாவுக்கு வெள்ளைச் சட்டை: வெளிச்சமும் கலரும் ஒட்டுற மாதிரி மாத்துறது எப்படி

வீட்ல பெரியவங்க படத்தை ஃப்ரேம் போடலாம்னு தேடுனா, முகம் நல்லா விழுந்த ஒரே போட்டோ பனியனோட திண்ணையில உக்காந்திருக்கறதாத்தான் இருக்கும். எங்க தாத்தா போட்டோவும் அதேதான். காலை வெயில் படத்தோட இடது பக்கத்துல இருந்து சாய்வா அடிக்குது, வலது பக்கம் நிழல். இதுல ஸ்டூடியோ ஃப்ளாஷ்ல எடுத்த ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டணும். கட் பண்றது, கழுத்தளவுக்கு சைஸ் சரி பண்றது, மாஸ்க் போடறது எல்லாம் உங்களுக்குத் தெரியும்னு வச்சுக்கறேன். மாட்டுன பிறகும் சட்டை தனியா ஒட்டுன ஸ்டிக்கர் மாதிரி நிக்குதே, அதுக்குத்தான் இந்த போஸ்ட்.

நான் போட்டோஷாப்ல சொல்றேன். காசு இல்லன்னா போட்டோபீ போதும், பிரவுசர்லயே ஓடும், கர்வ்ஸும் கிளிப்பிங் மாஸ்க்கும் அதுலயும் இருக்கு. `Match Color`னு ஒரு மெனு இருக்கும், அந்தப் பக்கமே போகாதீங்க, அது முகம், சுவரு, பின்னாடி இருக்கிற செடி எல்லாத்தையும் சேர்த்து சராசரி எடுத்து சட்டை மேல பூசிடும்.

ஸ்டெப் 1: முதல்ல வெளிச்சத்தோட திசை

கலரை அப்புறம் பாத்துக்கலாம், ஏன்னா திசை தப்பா இருந்தா நீங்க கலர் பண்றது முழுக்க வீண். முகத்துல மூணு இடம் பாருங்க: கண்மணியில வெள்ளைப் புள்ளி எந்தப் பக்கம் மின்னுது, மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுது, தாடை நிழல் கழுத்துல எங்க இருக்கு. சட்டையில காலர் நிழலையும் பட்டன் ஓரத்து நிழலையும் பாருங்க. எனக்குக் கிடைச்ச சட்டையில வெளிச்சம் வலது பக்கம் இருந்து வருது, அதாவது நேர் எதிர்.

உடனே `Edit > Transform > Flip Horizontal` அடிக்கத் தோணும். அடிக்கலாம், ஆனா பாக்கெட் வலது நெஞ்சுக்குப் போயிடும், பட்டன் பட்டியும் பொம்பளைங்க சட்டை மாதிரி மாறிடும். பட்டியை யாரும் கவனிக்க மாட்டாங்க, பாக்கெட்டை வீட்ல இருக்கிறவங்க முதல் பார்வையிலயே புடிச்சிடுவாங்க, ஏன்னா தாத்தா பேனா குத்தியிருந்த இடம் அது. அதனால ஃபிளிப் பண்ணதுக்கு அப்புறம் பாக்கெட்டை மட்டும் வெட்டி இடது நெஞ்சுக்கு நகர்த்துங்க, பழைய இடத்தை பக்கத்துத் துணியால குளோன் பண்ணி மூடுங்க. கவனிங்க, பாக்கெட்டைத் திரும்பவும் ஃபிளிப் பண்ணக்கூடாது. பாக்கெட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே ஷேப்தான், அப்படியே நகர்த்துனாதான் அதோட ஓர நிழல் புது வெளிச்சத்துக்கு சரியா இருக்கும்.

டாட்ஜ், பர்ன் வச்சு திசையையே மாத்திடலாம்னு சொல்ற வீடியோ நிறைய இருக்கு. கொஞ்சம் சாய்வு வித்தியாசம்னா சரி. முழுக்க எதிர் திசைன்னா ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு வெளிச்ச ஓரம், ஒரு நிழல் ஓரம் இருக்கு, அத்தனையையும் திருப்பி வரையறதுக்கு வேற சட்டை தேடறது ஈஸி.

ஸ்டெப் 2: பனியனை மறைக்கறதுக்கு முன்னாடி அளந்துக்கோங்க

இங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க. வெயில் மஞ்சளா இருக்கேன்னு சட்டை மேல ஒரு `Photo Filter` போட்டு மொத்தமா மஞ்சளாக்குவாங்க. வெயில் பட்ட பக்கம் சரியா வரும், நிழல் பக்கம் அழுக்கா தெரியும். ஏன்னா வெயில் படாத பக்கத்துக்கு வெளிச்சம் தர்றது வானம், அது நீலம். ஒரே வெள்ளைத் துணிக்கு அந்தப் படத்துல ரெண்டு நிறம் இருக்கு, ரெண்டையும் தனித்தனியா அளக்கணும்.

அளக்க அந்தப் பனியனை விட நல்ல பொருள் கிடையாது, அதே இடத்துல அதே வெளிச்சத்துல இருக்கிற வெள்ளைத் துணி அதுதானே. ஐட்ராப்பரை `5 by 5 Average`ல வச்சு, வெயில் பக்கம் ஒரு இடம், நிழல் பக்கம் ஒரு இடம் எடுத்து பேப்பர்ல எழுதிக்கோங்க. சட்டையிலயும் அதே மாதிரி ரெண்டு இடம். எனக்கு வந்தது:

```
            R    G    B
பனியன் வெயில்  224  206  178
பனியன் நிழல்   120  118  122
சட்டை வெளிச்சம் 238  240  244
சட்டை நிழல்    150  153  160
```

பனியன் துவைச்சு துவைச்சு பழுப்பேறியிருந்தா இந்த நம்பர் ஏமாத்தும். அப்ப நெத்தியில விபூதி இருந்தா அதையும் எடுத்துப் பாருங்க, பனியன் அதைவிட ரொம்ப மஞ்சளா இருந்தா விபூதியோட சாயலை நம்புங்க. சொட்டு நீலம் போட்ட சட்டைன்னா நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கும், அதுக்குத் தனியா ஒண்ணும் பண்ண வேண்டாம், அடுத்த ஸ்டெப்லயே அடங்கிடும்.

ஸ்டெப் 3: கர்வ்ஸ்

சட்டை லேயருக்கு மேல ஒரு கர்வ்ஸ் லேயர், கிளிப்பிங் மாஸ்க் போட்டு சட்டைக்கு மட்டும். மேல RGBனு இருக்கிறதை `Red`க்கு மாத்துங்க. கோட்டுல ஒரு புள்ளி வச்சு Input 238, Output 224. இன்னொரு புள்ளி, 150க்கு 120. அப்புறம் `Green`ல 240க்கு 206, 153க்கு 118. `Blue`ல 244க்கு 178, 160க்கு 122. அவ்வளவுதான், சட்டை வெயிலுக்கு வந்துடும்.

ஆனா ஒரு விஷயம், கர்வ்ஸோட வலது மேல் முனை இன்னும் 255லயே தொங்கிட்டு இருக்கும். அதை விட்டா சட்டையோட ரொம்ப பளிச்னு இருக்கிற மடிப்பு மட்டும் திடீர்னு நீல வெள்ளையா வெடிக்கும். அந்த முனையையும் கீழ இறக்குங்க, எனக்கு ரெட் 238, கிரீன் 218, ப்ளூ 187 சரியா இருந்துச்சு.

ஸ்டெப் 4: தாடை நிழல்

கழுத்துல விழுற நிழல் சட்டைக் காலர் மேலயும் தொடரணும், இல்லன்னா தலை மிதக்கும். மல்டிப்ளை லேயர், சாஃப்ட் பிரஷ், கருப்பு வேண்டாம். பனியனோட நிழல் கலரையே எடுத்து மெல்லமா அடிங்க, கருப்புல அடிச்சா சாம்பல் பூசுன மாதிரி ஆயிடும். தாடைகிட்ட விளிம்பு கொஞ்சம் கூர்மையா, தள்ளிப் போகப் போக மங்கலா.

சரியா வந்துச்சான்னு பாக்க எல்லாத்துக்கும் மேல ஒரு `Hue/Saturation` லேயர் போட்டு சாச்சுரேஷனை +60 ஏத்துங்க. கலர் ஒட்டலன்னா சட்டை தனி நிறத்துல கத்தும். அதை ஆஃப் பண்ணிட்டு ஒரு பிளாக் அண்ட் ஒயிட் லேயர் போட்டு கண்ணைச் சுருக்கிப் பாருங்க, வெளிச்சத்துல தப்பு இருந்தா அதுல தெரியும். பாத்து முடிச்சதும் ரெண்டையும் டெலீட் பண்ணிடுங்க.

முடி வைக்கறதுன்னா

முறை அதேதான், அளக்கற பொருள் மட்டும் வேற: காதோரம் மிச்சம் இருக்கிற முடி, இல்லன்னா மீசை. முடியில வர்ற பளபளப்புப் பட்டை வெளிச்சத்தோட பிரதிபலிப்பு, அதனால முகத்துல வெயில் படற பக்கம்தான் அதுவும் இருக்கணும். ஃபிளிப் பண்ணா வகிடு மாறும், பாக்கெட்டாவது நகர்த்தலாம், வகிட்டை நகர்த்த முடியாது, அதனால சரியான பக்கம் வகிடும் வெளிச்சமும் இருக்கிற முடியைத்தான் தேடணும். ஓரத்து மெல்லிசு முடியில பழைய பேக்ரவுண்ட் நிறம் ஒட்டிட்டு வரும், மேல ஒரு லேயரை `Color` மோடுல கிளிப் பண்ணி, உள்பக்க முடியோட கலரை எடுத்து ஓரத்துல மட்டும் தடவுங்க.

அப்டேட்: நம்பர் எல்லாம் சரியா போட்டும் சட்டை ஆரஞ்சா தெரியுதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க. விண்டோஸ்ல `Night light` ஆன்ல இருந்திருக்கு. அது படத்தை மாத்தாது, உங்க ஸ்கிரீனைத்தான் மாத்தும், வேலை பாக்கும்போது ஆஃப் பண்ணிடுங்க.

இன்னொரு அப்டேட்: பாட்டி படத்துக்குப் புடவை மாத்துறதுக்கு ஃபிளிப் பண்ணலாமான்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. முந்தானை வலது தோளுக்குப் போயிடும், அதனால பண்ணாதீங்க. பட்டுல இன்னொரு சிக்கல், ஜரிகை மின்னுறது வெளிச்சம் படற கோணத்தைப் பொறுத்தது, அதை அளந்து கர்வ்ஸ் போட்டா நம்பர் தாறுமாறா வரும். ஜரிகை இல்லாத உடல் பகுதியில மட்டும் அளங்க, அதுவும் பச்சைப் புடவையை பாட்டி படத்துல இருக்கிற வெள்ளைத் துணியோட நேரா ஒப்பிட முடியாது, புடவை போட்டோவுல இருக்கிற வெள்ளை பேக்ரவுண்டை எடுத்து அதை அந்த வெள்ளைத் துணியோட நம்பருக்குக் கொண்டு வாங்க, அந்தக் கர்வ்ஸை அப்படியே புடவைக்குப் போடுங்க.